பதினான்கு மணி நேரப் பொன்னாடை

பாரிவாக்கத்தில் வந்து கவிப்பிரியா வீடு எது என்று கேட்டால், எந்தக் கவிப்பிரியா என்பார்கள். ‘படிக்கிற பொண்ணு வீடு’ என்று கேளுங்கள், டீ கிளாஸைக் கீழே வைக்காமலே வழி சொல்லிவிடுவார்கள். படித்து முடித்த பெண்கள் அந்தத் தெருவில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். நாலு வருஷமாகப் படித்துக்கொண்டே இருக்கிற பெண் இவள் ஒருத்திதான். பி.எஸ்ஸி முடித்த கையோடு அரசுத் தேர்வுக்கு உட்கார்ந்தவள். குரூப் டூ முதல்நிலைத் தேர்வில் இரண்டு முறையும் கரையோரம் வரை வந்து வழுக்கி விழுந்தாள். முதல் முறை மூன்று கேள்வி குறைந்தது, அடுத்த முறை இரண்டு கேள்வி. இந்த ‘இரண்டு கேள்வி’ இருக்கிறதே, அது மனுஷனை வாழவும் விடாது, சாகவும் விடாது. இருபது கேள்வி என்றால் போடா என்று வேறு வேலை பார்த்திருப்பாள்.

அவள் படிப்புக்காக அந்த வீடு அனுசரித்த மௌன விரதத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அப்பா துலுக்கானம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைக்காரர். பகலெல்லாம் காது கிழியும் சத்தத்தில் நின்றுவிட்டு வந்து, வீட்டில் டிவியை ஊமையாக்கிவிட்டு கிரிக்கெட் பார்ப்பார். சிக்ஸர் போனால் தொடையில் தட்டிக்கொள்வார், அதுவும் மெதுவாக. அம்மா சாமுண்டீஸ்வரி சென்னீர்குப்பத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை. அவள் வீட்டு மிக்ஸி நாலு வருஷமாக வீட்டிலேயே இல்லை. பக்கத்து வீட்டுப் பார்வதம் வீட்டுச் சமையல் மேடையில் குடியிருந்தது. காலையில் தேங்காயும் பொட்டுக்கடலையுமாகக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு சாமுண்டீஸ்வரி அங்கே போய்ச் சட்னி அரைத்துக்கொண்டு வருவாள். “பொண்ணு படிச்சிகினு கீது” என்பாள் பார்வதத்திடம், வீட்டில் யாருக்கோ ஆபரேஷன் நடப்பது மாதிரி.

இத்தனைக்கும் பெண் படித்தது வீட்டில் இல்லை. அதுதான் வேடிக்கை. விடிந்ததும் பூந்தமல்லிக்குப் பஸ் ஏறிவிடுவாள். அங்கே ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ‘வெற்றித்திலகம் படிப்பகம்’ என்று ஒன்று உண்டு. நாற்பது நாற்காலி, நாற்பது பிளக் பாயின்ட், இரண்டு மின்விசிறி. நடத்துபவர் உதயகுமார். அவரே ஒன்பது வருஷம் எல்லாத் தேர்வும் எழுதிப் பார்த்து, ஒன்றிலும் தேறாமல், தேறுவது எப்படி என்று சொல்லித் தருகிற நிலைக்கு உயர்ந்தவர். ஊர் உலகத்தில் யாருக்கும் தோன்றாத ஒரு யோசனை அவருக்குத் தோன்றியிருந்தது. வாசலில் ஒரு வெள்ளைப் பலகை. அன்றன்று யார் யார் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார்கள் என்று பெயருக்கு நேரே எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் பார்த்து, அந்த வாரம் அதிக நேரம் உட்கார்ந்தவருக்குப் பொன்னாடை போர்த்துவார். என்ன படித்தார்கள் என்பது கணக்கில் வராது. உட்கார்ந்தார்களா என்பதுதான் கணக்கு. அடைகாக்கிற கோழிக்கு அங்கே அட்மிஷன் கிடைத்திருந்தால் வாராவாரம் அதுதான் ஜெயித்திருக்கும்.

பொன்னாடை ஒன்றே ஒன்றுதான். பச்சை நிறம், ஜரிகை பிரிந்து தொங்கும். ஞாயிறு போர்த்தி, போட்டோ எடுத்து, அந்த வாரம் முழுக்க ஜெயித்தவர் நாற்காலி முதுகில் தொங்கவிட்டு, அடுத்த ஞாயிறு உதயகுமாரே எடுத்துக்கொள்வார். கவிப்பிரியாவின் நாற்காலியில் அது பதினோரு வாரமாகத் தொங்கியது. பன்னிரண்டு மணி நேரத்தில் ஆரம்பித்துப் பதின்மூன்றாகி, இப்போது பதினான்கு. அவளுக்கு அடுத்த இடத்தில் ஜஸ்டின். ஆவடிப் பையன், டிகிரி முடித்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அவன் பதிமூன்றரை எழுதினால் இவள் பதினாலுக்கு ஏறுவாள். “அக்கா, நீ மெஷினுக்கா” என்பான். மரியாதையாகத்தான் சொன்னான்.

பலகையில் மணி ஏற ஏற, மாதிரித் தேர்வில் மார்க் இறங்கியது. அதை எழுத அங்கே பலகை கிடையாது. ஜனவரியில் இருநூறு கேள்விக்கு நூற்று அறுபத்திரண்டு சரி. பிப்ரவரியில் நூற்று ஐம்பது. மார்ச்சில் நூற்று முப்பத்தெட்டு. உதயகுமாரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்து உக்காரு கவி. வலி இல்லாம வெற்றி இல்ல.” ஓட்டை வாளியில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் இன்னும் வேகமாக இறை என்பதுதான் அவருடைய கல்வித் திட்டம்.

வேறு சில சங்கதிகளும் நடந்துகொண்டிருந்தன. உடம்பு ஓய்ந்து படுப்பாள், கண்ணை மூடினால் தூக்கம் வராது. வந்தாலும் விடியுமுன் நெஞ்சு படபடவென்று அடித்து எழுப்பிவிடும். காலையில் பஸ் பூந்தமல்லிக்குள் திரும்பும்போதே, இறங்காமல் அப்படியே போய்விடலாமா என்று தோன்றும். ஒரே பக்கத்தை நாலு தரம் வாசிப்பாள், அஞ்சாம் தரம் புதிதாக இருக்கும். கூடப் படித்தவள் ஒருத்தி குரூப் ஃபோரில் தேறி இனிப்போடு வந்தபோது, “ஜூனியர் அசிஸ்டென்ட்டுக்கா இவ்ளோ அலட்டல்” என்று அவள் காதுபடவே கவிப்பிரியா சொன்னாள். சொன்ன பிறகு தன் வாயா அது என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. எல்லாவற்றுக்கும் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்து, அதற்குத் தண்டனையாக இன்னும் அரைமணி கூட உட்கார்ந்தாள்.

ஏப்ரல் முதல் ஞாயிறு. பன்னிரண்டாம் முறையாகப் பொன்னாடை. கைதட்டல் முடிந்த கையோடு மாதிரித் தேர்வு. அன்று உதயகுமாருக்குப் புதுக் கேள்வித்தாள் தயார் செய்ய நேரமில்லை. அலமாரியில் கிடந்த ஒரு பழைய கையெழுத்துத் தாளை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டார். கவிப்பிரியா வாங்கிப் பார்த்தாள். யாரோ அழகாக எழுதியிருக்கிறார்கள், எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஏழாவது கேள்வி: சோழருக்குரிய பூ எது? பனை, ஆத்தி, வேம்பு, குறிஞ்சி.

ஆறாங்கிளாஸ் பிள்ளை சொல்லும். கவிப்பிரியாவுக்கு வரவில்லை. பத்து நிமிஷம் அந்தக் கேள்வியிலேயே நின்றாள். பிறகு கையைத் தூக்கினாள்.

“சார், ஏழாவது கேள்வி தப்பு. நாலு ஆப்ஷன்லயும் விடை இல்ல.”

உதயகுமார் தாளைத் தூக்கிப் பார்த்தார். “எப்படிம்மா தப்பாகும்? இது நீ எழுதினதாச்சே. ரெண்டு வருஷம் முந்தி நீதானே நூறு கேள்வி எழுதிக் குடுத்தே, உன் கையெழுத்துதானே இது.”

நாற்பது நாற்காலியும் திரும்பின. கவிப்பிரியா தாளைப் பார்த்தாள். அவளுடைய ‘ழ’தான் அது, வாலைக் கொஞ்சம் நீட்டிப் போடுகிற ‘ழ’. தோளில் பொன்னாடை இருந்தது. அதை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவமானம்கூட வரவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லை. அப்போதுதான் அவளுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. சோம்பேறிக்கு இப்படி இருக்காது என்று தோன்றியது. சோம்பேறிக்கு ஆத்திப்பூ ஞாபகம் இருக்கும்.

வீட்டுக்கு வந்தவள் நோட்டுகளை எடுத்து அடுக்கினாள். நாலு வருஷ நோட்டு, மொத்தம் முப்பத்தொன்று. கொடிக்கயிற்றை அவிழ்த்து அதாலேயே கட்டினாள். அப்போது ஒரு சங்கதி கண்ணில் பட்டது. ஐந்தாண்டுத் திட்டங்கள் என்ற ஒரே பாடத்தை மூன்று நோட்டில் மூன்று முறை, கிட்டத்தட்ட அதே வரிகளில் எழுதி வைத்திருந்தாள். இரண்டாவது எழுதும்போது முதலாவது ஞாபகமில்லை, மூன்றாவதுக்கு இரண்டும் ஞாபகமில்லை.

“இன்னாமே பண்ற?” என்று கேட்டாள் சாமுண்டீஸ்வரி.

“பழைய பேப்பர்காரனுக்குப் போடப் போறேன். எனக்கு இது வேணாம்மா. ஊட்ல இதப் பாத்தாலே வாந்தி வருது.”

தெருவே ஆளுக்கொரு வைத்தியம் சொல்லியிருந்தது. பார்வதம் திருவேற்காட்டு அம்மனுக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னாள். துலுக்கானம் வல்லாரை மாத்திரை வாங்கி வைத்திருந்தார். உதயகுமார் தினமும் காலை ஒரு ஊக்கப் பேச்சு வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தார். அதில் ஒருவர் மலையேறிக்கொண்டே கத்துவார். சாமுண்டீஸ்வரி மட்டும் வைத்தியம் எதுவும் சொல்லாமல், நோட்டுக்கட்டைத் தூக்கிப் பரண்மேல் ஏற்றினாள். ஏற நிறுத்திய ஸ்டூலையும் பார்வதம் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள், மிக்ஸிக்குத் துணையாக.

“எடைக்குப் போடறத இன்னிக்கும் போடலாம், தீவாளிக்கும் போடலாம். போட்டுட்டா திரும்ப வராது. அதுங்க பாட்டுக்கு மேல கெடக்கட்டும். நீ மொதல்ல டாக்டராண்ட வா. மூஞ்சி வெளுத்துக் கெடக்கு உனக்கு.”

பூந்தமல்லி ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் சபீனா. கவிப்பிரியாவைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். தலைவலி என்று சொல்லித்தான் இவள் உட்கார்ந்தாள். டாக்டர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், பிரஷர் பார்த்தார், தூக்கம், சாப்பாடு, மாதவிடாய் எல்லாம் விசாரித்தார்.

“படிப்பு இல்லாத ஒரு நாள் கடைசியா எப்ப இருந்துச்சு?”

“பொங்கல் அன்னிக்கு,” என்ற கவிப்பிரியா கொஞ்சம் யோசித்தாள். “இல்ல மேடம். அன்னிக்கும் நடப்பு நிகழ்வு படிச்சேன்.”

“உயிரோட இருக்க வேணாம்னு எப்பவாவது தோணுதா? நேராத்தான் கேக்கிறேன், நேராவே சொல்லுங்க.”

“அப்படி இல்ல மேடம். தேர்வு இல்லாமப் போயிடணும்னு தோணுது. நான் இல்லாமப் போகணும்னு இல்ல.”

அம்மா தன் நாற்காலியை மகள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். மறுநாள் முடிவு வந்தது. ஹீமோகுளோபின் ஒன்பது புள்ளி இரண்டு, தைராய்டு சரி. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, டீயோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்றார்.

“ரத்தம் கம்மி ஒரு பாதி. இன்னொரு பாதி, நீங்க தேஞ்சு போயிருக்கீங்க. சோம்பல் இல்ல இது. ரெண்டு வாரம் புத்தகத்தைத் தொடாதீங்க. தூங்குங்க, சாப்பிடுங்க, சாயங்காலம் நடங்க. ரெண்டு வாரம் கழிச்சு வந்து காட்டுங்க. அப்பவும் தூக்கம் வரல, எதுலயும் மனசு ஒட்டலன்னா மனநல டாக்டர்கிட்ட அனுப்புவேன். நடுவுல மனசு ரொம்பப் பாரமா ஆச்சுன்னா 14416னு மனநல உதவி எண் இருக்கு, போன் பண்ணுங்க, எந்நேரமும் எடுப்பாங்க.”

“ரெண்டு வாரமா? படிச்சதெல்லாம் மறந்துடுமே மேடம்.”

“இப்ப ஞாபகம் இருக்கா?” என்று கேட்டார் டாக்டர்.

கவிப்பிரியா மருந்துச் சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

முதல் நாலு நாள் தூங்கினாள். சும்மா இல்லை, சோற்றுத்தட்டில் கையை வைத்துக்கொண்டே தூங்கினாள். ஐந்தாம் நாள் குற்ற உணர்ச்சி வந்து உட்கார்ந்துகொண்டது. எல்லாரும் படிக்கிறார்கள், நான் கொட்டாவி விடுகிறேன் என்று பரணையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஸ்டூல் இல்லாததால் பிழைத்தாள். போனில் பதினோரு படிப்புக் குழுக்கள் இருந்தன. ஒன்றில் ‘இன்னும் 170 நாட்களே’ என்று சிவப்பில் போட்டிருந்தார்கள். ஒன்பது குழுக்களைவிட்டு வெளியேறினாள். சாயங்காலம் அம்மாவோடு ஏரிக்கரைப் பக்கம் நடந்தாள். வழியில் எதிர்ப்பட்டவர்களெல்லாம், “இன்னாமா, படிக்கல?” என்று கேட்டார்கள். சாமுண்டீஸ்வரி நின்று, “ஒடம்பு சரியில்ல, லீவ்ல கீது” என்று ஒவ்வொருவருக்கும் சொன்னாள். கம்பெனிக்காரனுக்கு இருக்கிற லீவு தன் பெண்ணுக்கும் உண்டு என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும், கொஞ்சம் கோபமாகவே சொன்னாள்.

சித்திரை ஒன்றாம் தேதி. சாமுண்டீஸ்வரி ரசத்துக்கு வேப்பம்பூவை நெய்யில் வறுத்தாள். வாசனை வீடெல்லாம் எழுந்தது. கட்டிலில் சாய்ந்து அப்பாவோடு ஊமைக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த கவிப்பிரியாவின் வாய், அவளைக் கேட்காமலே பேசியது.

“வேம்பு பாண்டியர். ஆத்தி சோழர். பனை சேரர்.”

“இன்னா?” என்றார் துலுக்கானம்.

“ஒண்ணுமில்ல நைனா,” என்றாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மாடிப்படியில் வராத அழுகை ரசத்துக்கு வந்தது. எதுவும் போகவில்லை, எல்லாம் உள்ளேதான் இருக்கிறது, களைத்துப் படுத்திருந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. அவள் துடைத்துக்கொண்டு, ரிமோட்டை எடுத்து டிவிச் சத்தத்தைக் கூட்டினாள். துலுக்கானம் பயந்துபோய்ப் பெண்டாட்டியைப் பார்த்தார்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் ஒரு மணி நேரத்துக்கு அனுமதித்தார். பரணிலிருந்து ஒரே ஒரு நோட்டுதான் இறங்கியது, பழைய மாதிரித் தேர்வுகளில் செய்த தப்புகளை மட்டும் எழுதி வைத்திருந்த நோட்டு. மற்ற முப்பதும் மேலேயே கிடந்தன. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, முந்தைய வருஷக் கேள்விகளுக்கு முதலில் விடை எழுதுவது, தப்பானதை மட்டும் திறந்து படிப்பது. இவ்வளவுதான். மே மாதம் அது இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் ஆயிற்று. முழுத்தேர்வு ஒன்று எழுதிப் பார்த்தாள், நூற்று நாற்பத்தொன்று. பதினான்கு மணி நேரம் உட்கார்ந்து வாங்கியதைவிட மூன்று அதிகம். சந்தோஷத்தில் புத்தி கெட்டு, ஜூனில் ஒரு வாரம் மறுபடி பத்து மணி நேரத்துக்குத் தாவினாள். விடியற்காலைப் படபடப்பு ‘நான் இன்னும் ஊரிலேதான் இருக்கிறேன்’ என்று வந்து நின்றது. அடங்கி ஆறுக்கு இறங்கினாள். ஆறுக்கு மேல் ஏறவே இல்லை. மாதிரித் தேர்வு இல்லாத ஞாயிறு முழுக்க விடுமுறை.

படிப்பகத்துக்குத் திரும்பிப் போனதுதான் பெரிய சங்கடம். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பையைத் தூக்கினால் உதயகுமார் பேனாவோடு நிற்பார். “ஆறுன்னு எழுதணுமா? அசிங்கமா இருக்குமேம்மா, ஒரு ஒம்போதுன்னு போட்டுக்கட்டுமா?”

“ஆறுன்னே போடுங்க சார்.”

பலகையில் முதலிடத்திலிருந்து முப்பத்தெட்டாம் இடத்துக்கு வந்தாள். அவளுக்குக் கீழே இரண்டு பேர், அவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். பொன்னாடை ஜஸ்டின் நாற்காலிக்குப் போனது. ஒவ்வொரு சாயங்காலமும் அந்த ஆறைப் பார்க்கும்போது வயிறு எரியத்தான் செய்தது, பொய் சொல்வானேன். ஆகஸ்டில் மாதிரித் தேர்வு நூற்று அறுபத்தெட்டு. அதை எழுதத்தான் பலகை கிடையாதே.

செப்டம்பர் கடைசியில் தேர்வு எழுதினாள். முந்தின நாள் முழுக்கத் தூங்கினாள். டிசம்பரில் முடிவு வந்தது. முதல்நிலையில் தேறியிருந்தாள், அடுத்து முதன்மைத் தேர்வு. வேலை இன்னும் வெகுதூரம், ஆனால் நாலு வருஷம் எடைக்குப் போகவில்லை. பார்வதம் வீட்டிலிருந்து சாமுண்டீஸ்வரி மிக்ஸியைத் தூக்கி வந்து, சாயங்கால வேளையில் தெருவே கேட்கத் தேங்காய்ச் சட்னி அரைத்தாள். துலுக்கானம், “பட்டற மாதிரி கீது” என்று பெருமையாகச் சொன்னார்.

மூன்றாம் நாள் பூந்தமல்லியில் பஸ்ஸை விட்டு இறங்கியவள் அப்படியே நின்றாள். மருந்துக்கடைக்கு மேல் பத்தடி ஃபிளெக்ஸ். பச்சைப் பொன்னாடை போர்த்திய கவிப்பிரியா, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு, ஏப்ரல் மாதத்துப் போட்டோ. பக்கத்தில் கொட்டை எழுத்தில்: ‘தினமும் 14 மணி நேரம் உழைத்து வென்ற எங்கள் தங்கம்!’

உதயகுமார் வாயெல்லாம் பல்லாக நின்றார். “எப்படிம்மா கீது?”

“ஆறு மணி நேரம் சார். உங்க பலகையிலயே இருக்கு.”

“ஆறுன்னு போட்டா யார்ம்மா சேருவாங்க? அதெல்லாம் பாத்து நாலு பிள்ளைங்களுக்கு ஊக்கம் வரணும் இல்ல?”

ஊக்கம் வந்துகொண்டுதான் இருந்தது. மாடிப்படியில், எட்டு மாதத்துக்கு முன் அவள் உட்கார்ந்த அதே படியில், ஜஸ்டின் உட்கார்ந்து ஃபிளெக்ஸையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. கன்னம் ஒட்டியிருந்தது. நாற்காலியில் தொங்க வேண்டிய பொன்னாடையைத் தோளில் போட்டிருந்தான். அவன் இந்த முறை தேறவில்லை. மடியில் புத்தகம் விரித்து இருந்தது, பக்கம் புரளவில்லை.

“நான் பதினாலுதான் போட்டேன்க்கா,” என்றான். “பதினஞ்சு போட்டிருக்கணும் போல.”

கவிப்பிரியாவுக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது. எட்டு மாதத்தில் அவளுக்கு வந்த முதல் முழுக் கோபம். உதயகுமார் கையிலிருந்த பலகைப் பேனாவைக் கேட்காமலே பிடுங்கினாள். படியேறிப் போய், மாடி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, தன் மூஞ்சிக்குப் பக்கத்தில் இருந்த 14ஐ அடித்தாள். மேலே பெரிதாக 6 என்று எழுதினாள். உதயகுமார், “நானூறு ரூபா ஃபிளெக்ஸ்ம்மா” என்று கீழேயிருந்து முனகினார். தெருவில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவள் இறங்கி வந்ததும் ஜஸ்டின் படியைவிட்டு எழுந்தான், மடியிலிருந்த புத்தகம் கீழே விழுந்தது. “நெசமாவே ஆறாக்கா? அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் சைபர். கெளம்பி வா. ஒன் மூஞ்சி வெளுத்துக் கெடக்கு.”

“எங்கக்கா?”

“ரத்தம் டெஸ்ட் பண்ண,” என்றபடி அந்தப் புத்தகத்தை எடுத்து மூடினாள். பொன்னாடையை அவன் தோளிலிருந்து உருவி உதயகுமார் கையில் கொடுத்துவிட்டு, சுகாதார நிலையம் இருக்கும் பக்கமாக அவனைக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.